இரண்டு நிமிடக் காட்சியில் பதினொரு அனுமதிகள்

பதினெட்டு நிமிடக் குறும்படம் ஒன்றின் தயாரிப்புப் பொறுப்பில் இருந்தபோது, படத்தொகுப்பு முடிந்து வெளியீட்டுக்கு ஒன்பது நாட்கள் இருந்த நிலையில், அனுமதிகளைச் சரிபார்க்கும் வேலையைத் தொடங்கினேன். என் கையில் ஒரு கோப்புறை இருந்தது. நடிகர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவங்கள், படப்பிடிப்பு நடந்த வீட்டுக்கான கடிதம், இசையமைப்பாளர் அனுப்பிய ஒரு மின்னஞ்சல் ஆகியவை அதில் இருந்தன. கோப்புறை கனமாக இருந்ததால் வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். படத்தை ஒரு முறை ஒலியை மட்டும் கேட்டும், மறு முறை ஒலியை அணைத்துப் படத்தை மட்டும் பார்த்தும் ஓட்டியபோதுதான், கோப்புறையில் இருப்பது நாங்கள் நினைவில் வைத்திருந்தவற்றுக்கான அனுமதி மட்டுமே, திரையில் இருப்பவற்றுக்கான அனுமதி அல்ல என்பது புரிந்தது.

06:12 முதல் 08:25 வரை ஓடும் வரவேற்பறைக் காட்சி ஒன்றிலேயே பதினொரு விஷயங்கள் எழுந்தன. அந்த ஒரு காட்சியைப் பற்றி மட்டும் எழுதினாலே இந்த வேலையின் பெரும்பகுதி அடங்கிவிடும் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் செய்தது ஒரு அட்டவணை. ஒவ்வொரு வரியிலும் படத்தில் எந்த நிமிடம், எந்த விநாடி என்பதைக் குறிக்கும் டைம்கோட், அந்த இடத்தில் தெரிவது அல்லது கேட்பது, அதன் உரிமை யாரிடம் இருக்கிறது, கையில் உள்ள ஆவணம், அந்த ஆவணம் எதுவரை செல்லும், எங்கள் முடிவு என ஆறு கட்டங்கள். இவற்றில் ஐந்தாவது கட்டத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எந்தத் தளத்தில் வெளியிடலாம், எந்த நாடுகளில், எவ்வளவு காலம், விளம்பர வருவாய் ஈட்டலாமா, முன்னோட்டக் காணொளியிலும் பயன்படுத்தலாமா என்ற ஐந்து கேள்விகளுக்கும் பதில் தராத அனுமதியைப் பாதி அனுமதி என்றே கொள்ள வேண்டும். திரைப்பட விழாவில் திரையிடுவதற்கு மட்டும் அனுமதி பெற்ற பாடலை இணையத்தில் ஏற்றிவிட்டுத் திண்டாடியவர்களை எனக்குத் தெரியும்.

இசையிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது அதுதான். காட்சியின் 06:40இல் பக்கத்து அறையில் வானொலி ஒலிக்கிறது. படப்பிடிப்பன்று யாரோ அதை அணைக்க மறந்திருக்கிறார்கள். ஒரு பழைய பாடல் வசனத்தின் அடியில் பதினான்கு விநாடிகள் கேட்கிறது. அதைக் கேட்டுவிட்டு நடிகர் இயல்பாக இரண்டு வரிகளை முணுமுணுத்திருந்தார். இயக்குநருக்கு அந்த முணுமுணுப்பு மிகவும் பிடித்துப்போயிற்று, ஆகவே படத்தொகுப்பில் அதை அப்படியே வைத்துவிட்டார்.

இங்கே இரண்டு தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. மெட்டும் வரிகளும் ஒரு படைப்பு. அவற்றின் உரிமை பாடலாசிரியர், இசையமைப்பாளர் அல்லது அவர்களிடமிருந்து உரிமை வாங்கிய வெளியீட்டாளரிடம் இருக்கும். அதே பாடலைப் பாடிப் பதிவுசெய்த ஒலிப்பதிவு வேறொரு சொத்து. அதன் உரிமை பெரும்பாலும் இசை நிறுவனத்திடம் இருக்கும். காணொளியோடு பாடலை இணைக்க முதலாமவரிடம் சிங்க் உரிமமும், அந்தக் குறிப்பிட்ட பதிவைப் பயன்படுத்த இரண்டாமவரிடம் மாஸ்டர் உரிமமும் வேண்டும். வானொலியில் ஒலித்த பதினான்கு விநாடிகளுக்கு இரண்டும் தேவை. நடிகரின் முணுமுணுப்பில் ஒலிப்பதிவு இல்லை என்றாலும் மெட்டு இருக்கிறது, ஆகவே முதல் உரிமம் தேவை. "நம்ம ஆள்தானே பாடினார்" என்று ஒளிப்பதிவாளர் சொன்னார். பாடியவர் நம்முடையவர், பாட்டு நம்முடையதல்ல என்று விளக்க வேண்டியிருந்தது. சில விநாடிகள் வரை தடையில்லை என்று பரவலாகச் சொல்லப்படும் பேச்சுக்குச் சட்டத்தில் அப்படியொரு கணக்கு கிடையாது. நியாயமான பயன்பாடு என்ற விலக்கு நாட்டுக்கு நாடு மாறுபடும். அது எதற்காக, எவ்வளவு, எப்படிப் பயன்படுத்தினோம் என்பதைப் பொறுத்து பின்னர் வாதாட வேண்டிய ஒன்று, கதைப்படத்தின் பின்னணிப் பாட்டுக்கு அதை நம்பி இறங்குவது வீண் துணிச்சல்.

உரிமம் கேட்டு எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க எங்களுக்கு ஒன்பது நாட்கள் போதாது. ஆகவே பாட்டை எடுத்துவிடத் தீர்மானித்தோம். இங்கேதான் படப்பிடிப்புத் தளத்தின் அலட்சியம் கழுத்தைப் பிடித்தது. வசனம் பதிவான அதே ஒலித்தடத்தில் பாட்டும் கலந்திருந்ததால் பாட்டை மட்டும் பிரித்தெடுக்க வழியில்லை. வடிகட்டிப் பார்த்தபோது குரல் தகரடப்பாவுக்குள் பேசுவதுபோல் ஆயிற்று. மூன்று வசனங்களை நடிகரை வரவழைத்து மீண்டும் டப்பிங் செய்தோம். டப்பிங் குரலுக்கு அடியில் அந்த அறையின் வெறும் அமைதி தேவைப்பட்டது. அதைத் தனியாகப் பதிவுசெய்யவில்லை. கடைசியில் இன்னொரு டேக்கில் இயக்குநர் "கட்" சொல்லுமுன் நடிகர்கள் பேசாமல் நின்ற ஆறு விநாடிகளைக் கண்டுபிடித்து, அதை ஒட்டி ஒட்டி நீட்டினார் எடிட்டர். முணுமுணுக்கும் இடத்தில் உதடு தெளிவாகத் தெரிந்தது. எங்கள் இசையமைப்பாளர் அந்த உதட்டசைவின் தாளத்துக்குப் பொருந்தும்படி புது மெட்டு ஒன்றைப் போட்டுத் தந்தார், நடிகர் அதை முணுமுணுத்தார். இப்போது பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. எனக்கு மட்டும் அந்த இடம் வரும்போது கண் தானாக உதட்டுக்குப் போகிறது.

அதன்பின் நாங்கள் வைத்திருக்கும் விதி எளியது. படப்பிடிப்பில் எந்தக் கருவியிலிருந்தும் பாட்டு ஒலிக்கக் கூடாது. பாத்திரம் பாட்டுக் கேட்க வேண்டிய காட்சியானாலும் அமைதியில்தான் நடிக்க வேண்டும். பாட்டு பின்னர் தனித்தடத்தில் வரும். ஒவ்வொரு இடத்திலும் அறையின் அமைதியை ஒரு நிமிடம் பதிவுசெய்ய வேண்டும். செல்பேசி அழைப்பொலிகளும் இசைதான் என்பதால் அவற்றுக்கும் இதே விதி.

பின்னணி இசையில் வேறு இரண்டு சிக்கல்கள் இருந்தன. இசையமைப்பாளர் நண்பர் என்பதால் "தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அதை வைத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேட்டேன். வயலின் வாசித்தவர் யார், அவர் எழுத்தில் சம்மதம் தந்தாரா, தாளத்துக்குப் பயன்படுத்திய தயார்நிலை ஒலித்துணுக்குகள் எந்தத் தொகுப்பிலிருந்து வந்தவை, அதன் உரிமம் எது, இதே இசையை வேறு யாருக்காவது கொடுத்திருக்கிறாரா, எங்காவது பதிவுசெய்திருக்கிறாரா? மூன்றாவது கேள்விக்குத்தான் எதிர்பாராத பதில் வந்தது. அதன் முந்தைய வடிவம் ஒன்றைத் தனிப் பாடலாக ஒரு விநியோகச் சேவை வழியே வெளியிட்டிருந்தார். பதிவேற்றப்படும் காணொளிகளில் பிறர் படைப்பு இருக்கிறதா என்று தானாகவே ஒப்பிட்டுப் பார்க்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி அமைப்பில் அந்தச் சேவை அதைச் சேர்த்திருந்தால், அவருடைய சொந்தச் சம்மதத்தோடு நாங்கள் ஏற்றும் படத்தின் மீதே உரிமைகோரல் விழும். இயந்திரத்துக்கு நட்பு தெரியாது. அவர் அந்தச் சேவையில் எங்கள் சேனலுக்கு விலக்கு கேட்டு வாங்கித் தந்தார்.

படத்தின் இறுதிப் பெயர்ப் பட்டியலுக்குப் பயன்படுத்திய இசை, சந்தாத் தளம் ஒன்றிலிருந்து எடிட்டர் தன் சொந்தக் கணக்கில் இறக்கியது. அத்தகைய தளங்களின் உரிமம் பெரும்பாலும் கணக்கு வைத்திருப்பவருக்கே உரியது. சந்தா நடப்பில் இருந்தபோது வெளியிட்ட படைப்புகளுக்கு மட்டும் செல்லுபடியாகும் என்று பல தளங்கள் நிபந்தனை வைக்கின்றன. எடிட்டரின் சந்தா எங்கள் வெளியீட்டு நாளுக்கு முன்பே முடியவிருந்தது. தயாரிப்பு நிறுவனத்தின் பெயரில் அதே இசைக்கு உரிமம் வாங்கி, சான்றிதழின் பிரதியை அட்டவணையில் இணைத்தோம். உரிமத் தொகை இல்லை என்பது நிபந்தனை இல்லை என்று பொருள்படாது. படைப்பாளிகள் சில நிபந்தனைகளோடு எல்லோருக்கும் முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களிலும் இதைக் கவனிக்க வேண்டும். இசையை அசையும் படத்தோடு நேரம் பொருத்தி இணைப்பதைத் தழுவல் என்றே அந்த உரிமங்கள் வரையறுக்கின்றன. ஆகவே மாற்றம் கூடாது என்ற ND குறி இருந்தால், ஒரு சுரத்தையும் மாற்றாவிட்டாலும் அந்த இசையைக் காணொளியில் சேர்த்து வெளியிட முடியாது. வணிகப் பயன்பாடு கூடாது என்ற NC குறி இருந்தால் விளம்பர வருவாய் பெறும் சேனலில் சிக்கல் வரும். SA குறி இருந்தால் நம் படத்தையே அதே உரிமத்தில் விட வேண்டியிருக்கும்.

இனி இடம். வரவேற்பறைக்கான கடிதத்தில் கையெழுத்திட்டவர் அங்கே வாடகைக்குக் குடியிருப்பவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவருடைய சம்மதம் தேவைதான், ஆனால் அது போதாது. வீட்டு உரிமையாளரின் ஒப்புதலும் வேண்டும். உரிமையாளரிடம் தொலைபேசியில் பேசியபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, வீட்டில் கெட்ட காரியம் எதுவும் நடப்பதாகக் காட்டவில்லையே என்பதுதான். நியாயமான கேள்வி. கதைச் சுருக்கத்தைச் சொல்லி, வீட்டின் முகப்பும் கதவு எண்ணும் திரையில் வராது என்று எழுதிக்கொடுத்து, கையெழுத்து வாங்கினேன். இடத்துக்கான ஒப்பந்தத்தில் "படப்பிடிப்பு நடத்த" என்று மட்டும் எழுதினால் நுழைவதற்கான அனுமதிதான் கிடைக்கிறது. எடுத்த காட்சிகளைக் கால வரம்பின்றி வெளியிடவும், தேவைப்பட்டால் மறுபடியும் வந்து எடுக்கவும் அதில் இடம் இருக்க வேண்டும்.

இடத்தின் அனுமதி அந்த இடத்தில் மாட்டியிருக்கும் பொருள்களைத் தழுவாது. எங்கள் காட்சியில் சோபாவுக்குப் பின்னால் பெரிய ஓவியம் ஒன்று மூன்று ஷாட்களில் சேர்த்து நாற்பத்தொரு விநாடிகள் தெரிந்தது. ஓவியத்தை வாங்கியவர் குடியிருப்பவர். அதைப் பிரதியெடுக்கும் உரிமை, எழுதிக்கொடுத்திருந்தாலன்றி, வரைந்தவரிடமே இருக்கும். பின்னணியில்தானே இருக்கிறது என்ற சமாதானம் எப்போதும் நிற்பதில்லை. அமெரிக்காவில் ரிங்கோல்ட் என்ற ஓவியரின் படைப்பைக் காட்டும் சுவரொட்டி ஒன்று தொலைக்காட்சித் தொடரின் ஒரு காட்சியில் பின்புறச் சுவரில் பல ஷாட்களில், மொத்தமாகச் சுமார் 27 விநாடிகள் தெரிந்ததற்காக வழக்கு நடந்தது. 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை அற்பமானது என்று ஒதுக்க மறுத்தது. எங்களுடையது அதைவிட நீண்டது, குவியமும் கூர்மையாக இருந்தது.

ஓவியத்தின் மூலையில் இருந்த கையெழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்து வரைந்தவரைக் கண்டுபிடித்தோம். அவர் மகிழ்ச்சியோடு சம்மதித்தார், ஆனால் இரண்டு நிபந்தனைகள் வைத்தார். இறுதிப் பட்டியலில் பெயர் வர வேண்டும். ஓவியம் படத்தின் விளம்பர முகமாக ஆகிவிடக் கூடாது. இணையத்தில் படத்தின் முகப்பாகத் தெரிய நாங்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருந்த சிறுபடத்தில் நடிகையின் தலைக்குப் பின்னால் பாதி இடத்தை அந்த ஓவியம்தான் அடைத்திருந்தது. சிறுபடத்தையும் முன்னோட்டத்தையும் அட்டவணையில் தனி வரிகளாகச் சேர்க்க வேண்டும் என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன். கட்டடங்களுக்கும் வெளிப்புறச் சிலைகளுக்கும் இதே கேள்வி எழும். பொதுவெளியில் இருப்பதைப் படமெடுக்கும் சுதந்திரம் சில நாடுகளில் முழுமையாகவும் சில நாடுகளில் குறுகியும் இருக்கிறது. பகலில் எவரும் எடுக்கக்கூடிய ஈபிள் கோபுரத்தின் இரவு விளக்கலங்காரம் தனிப் படைப்பாகக் கருதப்பட்டு, தொழில்முறைப் பயன்பாட்டுக்கு அனுமதி கேட்கப்படுகிறது.

நிறுவனச் சின்னங்களைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் மறைத்துவிட வேண்டும் என்ற பயம் தேவையற்றது என்பது என் கருத்து. மேசைமேல் மடிக்கணினி மடிக்கணினியாகவே இருக்கிறது, அதில் ஒருவர் வேலை செய்கிறார் என்றால், மூடியில் உள்ள சின்னம் பெரும்பாலும் வணிகக்குறிச் சட்டத்தைத் தொந்தரவு செய்வதில்லை. அந்த நிறுவனம் நம் படத்தை ஆதரிக்கிறது என்ற மயக்கம் வந்தாலோ, அதன் பொருளைக் கெட்டதாகக் காட்டினாலோதான் தலைவலி. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தபோது மடிக்கணினியை விட்டுவிட்டோம். ஆனால் 07:02இல் பாத்திரம் அட்டைப்பெட்டி ஒன்றைத் திறந்து, உள்ளே உடைந்திருக்கும் பொருளைப் பார்த்து, "இவங்க எப்பவுமே இப்படித்தான் ஏமாத்துவாங்க" என்கிறார். பெட்டியின் மீது உண்மையான நிறுவனத்தின் பெயர் பளிச்சென்று இருந்தது. எழுதியபோது வசனம் யாரையும் குறிக்கவில்லை; கலைப்பிரிவில் யாரோ வீட்டில் கிடந்த பெட்டியைக் கொண்டுவந்ததால் அது குற்றச்சாட்டாகிவிட்டது.

மங்கலாக்கினால் கண் அங்கேதான் போகும். ஆகவே பெட்டியின் அசைவைப் பின்தொடர்ந்து அதன் மேல் வெற்று அட்டையின் நிறத்தை ஒட்டினார் எடிட்டர். நடிகரின் விரல்கள் மூன்று விநாடிகள் அந்த எழுத்துகளின் மேல் போய்வருகின்றன. அந்த மூன்று விநாடிகளில் விரலின் ஓரத்தை ஒவ்வொரு பிரேமாக, எழுபத்தைந்து பிரேம்கள், கையால் வெட்ட வேண்டியதாயிற்று. படப்பிடிப்பன்று ஒரு துண்டு பழுப்பு டேப் ஒட்டியிருந்தால் தீர்ந்திருக்கும் வேலை அரைநாளை விழுங்கியது. அதே காட்சியில் துணைநடிகர் அணிந்திருந்த சட்டையில் ஒரு கார்ட்டூன் உருவம் இருந்தது. அது சின்னம் மட்டுமல்ல, பதிப்புரிமை உள்ள ஓவியமும்கூட; நல்லவேளையாக அவர் திரும்பி நிற்கும் மாற்று டேக் இருந்தது.

முகங்களைப் பொறுத்தவரை நடிகர்களின் படிவங்கள் சரியாக இருந்தன. ஒரு சிறுவனின் படிவத்தில் மட்டும் அவனை அழைத்துவந்த மாமா கையெழுத்திட்டிருந்தார். பெற்றோரின் கையெழுத்தை மறுபடி வாங்கினோம். சுவர் அலமாரியில் இருந்த குடும்பப் புகைப்படத்தை எவரும் கவனிக்கவில்லை. அதில் இருப்பவர்களின் முகம் ஒன்று, புகைப்படக்காரரின் பதிப்புரிமை மற்றொன்று என இரட்டைச் சுமை. அது தெரிவது இரண்டே விநாடி, குவியத்துக்கு வெளியே. மேலும் மங்கலாக்கி முடித்தோம்.

உண்மையில் என்னைத் திடுக்கிட வைத்தது 07:31. நாயகி சன்னலுக்கு வெளியே பார்த்து, "அதோ, அவன்தான், மூணு நாளா என் பின்னாடியே வர்றான்" என்கிறாள். அடுத்த ஷாட்டில் தெரு. அதில் எங்கள் நடிகர் மரத்தடியில் நிற்கிறார். அவருக்கு இடப்புறம், கேமராவைக்கூடப் பார்க்காமல், தற்செயலாக நடந்துபோகும் ஒருவர் தெளிவான முகத்தோடு கடக்கிறார். பொதுத்தெருவில் கூட்டத்தோடு கூட்டமாகத் தெரியும் முகங்களுக்குப் பல இடங்களில் சம்மதம் கட்டாயமில்லை, பயண ஆவணப்படத்தில் அவர் வழிப்போக்கர்தான். கதைப்படத்தில் வசனத்துக்கு அடுத்து வெட்டப்படும் முகத்தின் மேல் அந்த வசனம் போய் உட்கார்ந்துகொள்கிறது. எங்கள் நடிகரை அறியாத பார்வையாளருக்கு, பெண்ணைப் பின்தொடர்பவர் அந்த வழிப்போக்கர்தான். இது முக உரிமையைத் தாண்டி அவதூறாகும் விஷயம், படப்பிடிப்பன்று தெருமுனையில் அறிவிப்புப் பலகை வைத்திருந்தாலும் இதற்கு விடையாகாது.

படம் 4கே அளவில் எடுக்கப்பட்டு 1080 அளவில் வெளியாகவிருந்ததால், அந்த ஷாட்டை இருமடங்கு வரை பெரிதாக்கினாலும் தெளிவு குறையாது. ஒன்றரை மடங்கு பெரிதாக்கி வலப்புறம் நகர்த்தியதில் வழிப்போக்கர் சட்டகத்துக்கு வெளியே போனார். இயக்குநர் தெருவின் அகலம் போய்விட்டதே என்று வருந்தினார். சிறிது நேரம் வாதாடினோம். "அவருடைய மகள் இதைப் பார்த்தால்?" என்று கேட்டேன், அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

திருத்தங்கள் முடிந்ததும் படத்தை யூடியூபில் தனிப்பட்டதாக, எவருக்கும் காட்டாமல், ஏற்றினோம். பதிவேற்றத்தின்போது Checks என்ற கட்டத்தில் பதிப்புரிமைச் சோதனை ஓடும். முதல் முறை 16:50இல் ஓர் உரிமைகோரல் காட்டியது: உரிமம் வாங்கிய அதே இறுதிப் பட்டியல் இசை. சான்றிதழ் எண்ணைக் கொடுத்து மறுப்புத் தெரிவித்தோம். கோரியவருக்குப் பதிலளிக்க 30 நாட்கள் உண்டு என்பதால், கடைசி நேரத்தில் ஏற்றினால் இந்தக் காத்திருப்பு வெளியீட்டு நாளையே விழுங்கிவிடும். எங்களுக்கு இரண்டு நாளில் விடுவித்துவிட்டார்கள். இந்தச் சோதனை, உரிமையாளர்கள் யூடியூபிடம் கொடுத்துவைத்த ஒலி, காணொளிகளோடு பொருந்துவதை மட்டுமே கண்டுபிடிக்கும். முணுமுணுத்த மெட்டைத் தவறவிடலாம், ஓவியத்தையோ பெட்டியையோ வழிப்போக்கரையோ அது பார்ப்பதே இல்லை. பச்சை அடையாளம் வந்துவிட்டது என்று அட்டவணையை மூடிவிடக் கூடாது.

வெளியீட்டுக்கு முதல் நாள் மாலை, இயக்குநர் வரவேற்பறைக் காட்சியில் ஒரு ஷாட்டை மட்டும் நான்கு பிரேம்கள் நீட்டியதாகச் சொன்னார். 06:12இலிருந்து மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன். நீட்டிய நான்கு பிரேம்களில், கார்ட்டூன் சட்டைக்காரர் கேமரா பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தார்.